உஷார்! ஒரு கண்ணில் மட்டும் ஷட்டர் இறங்கினால்...

அவர் வந்தது கண்ணாடி மாற்ற. வயது 61. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர். சீட்டில் உட்கார்ந்ததும் பழைய கண்ணாடியைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டு, "பவர் ஏறிடுச்சு போல டாக்டர், அப்பப்ப மங்குது" என்றார்.

அப்பப்ப என்றால்?

"பத்து நாள்ல மூணு தடவை. வலது கண்ணு. மேலேர்ந்து கடை ஷட்டர் இறங்குற மாதிரி இறங்குச்சு. ரெண்டு மூணு நிமிஷம் கருப்பா இருந்துச்சு. அப்புறம் தானா ஏறிடுச்சு. வலி கிலி ஒண்ணும் இல்ல. பொண்ணு போன்ல தேடிப் பார்த்துட்டு, 'இது கண்ணுல வர்ற மைக்ரேன்பா, எனக்கும் தலைவலிக்கு முன்னாடி கண்ணு மின்னும்'னு சொன்னா. அவளோட மாத்திரையில ஒண்ணைப் போட்டுட்டுப் படுத்துட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. கண்ணாடி பவர் ஏறினால் பார்வை இரண்டு நிமிடம் இருண்டுவிட்டுத் திரும்பி வராது. மைக்ரேனும் 61 வயதில் முதன்முறையாக, வலியில்லாமல், ஒரே கண்ணில், கருப்பாக, ஷட்டர்போல இறங்கித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது மிக மிக அபூர்வம். அந்த மூன்று தடவையும் அவர் கண்ணுக்குப் போகும் ரத்தம் நின்று, மறுபடி ஓடியிருக்க வேண்டும். பெயர் மாற்றிச் சொன்னதில் பத்து நாள் போய்விட்டிருந்தது.

'கண் மைக்ரேன்' என்ற பெயரால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெயரில் மூன்று வெவ்வேறு சங்கதிகளை ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். முதலாவது, ஊரில் நிறையப் பேருக்கு வருகிற, மூளையின் பின்பக்கத்தில் கிளம்பும் மைக்ரேன் மின்னல். இது இரண்டு கண்ணிலும் தெரியும். இரண்டாவது, நிஜமாகவே ஒரு கண்ணின் விழித்திரையை மட்டும் தொடும் மைக்ரேன். இது அபூர்வம். மூன்றாவது மைக்ரேனே இல்லை. கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. முதலாவது வந்தால் பயப்படத் தேவையில்லை. மூன்றாவது வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கஷ்டம் என்னவென்றால், வீட்டில் சொல்லும்போது மூன்றுமே "ஒரு கண்ணு மறைஞ்சுது" என்றுதான் வரும்.

முதலாவதைப் பார்ப்போம். அது புரிந்தால் மற்றது தானாகப் பிடிபடும். நாம் பார்ப்பதைப் படமாகப் புரிந்துகொள்ளும் இடம் கண்ணில் இல்லை, பின்மண்டையில் இருக்கிறது. மைக்ரேன் வரும்போது அந்த இடத்தின் மேற்பரப்பில் ஓர் அலை மெல்ல நகர்கிறது. அலையின் முனை தொடும் இடத்தில் நரம்பணுக்கள் கிளர்ந்து பொறி பறக்கும். அதனால்தான் வளைவளைவாக, ரம்பப் பல்லைப்போல மினுங்கும் கோடுகள் தெரிகின்றன. முனை கடந்துபோன இடத்தில் அணுக்கள் களைத்து அடங்கிவிடும். அங்கே ஒரு மறைப்பு விழும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லிக்கு இந்த மின்னல் அடிக்கடி வரும். மனிதர் படுத்துக்கொள்ளாமல், மின்னல் நகர நகர அதன் ஓரத்தைக் காகிதத்தில் வரைந்து, நேரத்தைக் குறித்து, மூளையில் அது நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்வதாக 1941-ல் கணக்குச் சொன்னார். ஸ்கேன் இல்லாத காலத்தில் காகிதமும் கடிகாரமும் மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. பின்னால் வந்தவர்கள் மூளையில் நேரடியாக அளந்தபோதும் ஏறக்குறைய அதே வேகம்தான் வந்தது.

நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றால் எறும்பைவிட மெதுவான நடை. இதிலிருந்துதான் மைக்ரேனின் முதல் அடையாளம் கிடைக்கிறது: அது வளரும். நடுவில் ஒரு சின்னப் புள்ளியாகத் தொடங்கி, ஐந்து பத்து நிமிடத்தில் பெரிதாகி, ஓரத்துக்கு நகர்ந்து, இருபது முப்பது நிமிடத்தில் வெளியேறும். ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது குறைவு. இரண்டாவது அடையாளம், அதில் வெளிச்சம் இருக்கும். கண்ணை மூடினாலும் மினுங்கும். ஏனென்றால் அது கண்ணில் இல்லை.

ரத்த ஓட்டம் நிற்பது அப்படியில்லை. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் ஏற்றும் பெரிய தமனி ஒன்று ஓடுகிறது. தாடைக்குக் கீழே விரலை வைத்தால் துடிக்குமே, அதேதான். அது மண்டைக்குள் நுழைந்ததும் கொடுக்கும் முதல் முக்கியக் கிளை கண்ணுக்குப் போகிறது. அந்தக் கிளையிலிருந்து நூல்போல மெல்லிய ஒரு குழாய் விழித்திரைக்குப் போகிறது. சர்க்கரை, பிரஷர், பீடி, கொழுப்பு எல்லாம் சேர்ந்து கழுத்துத் தமனியின் உள்சுவரில் காரை படியவைக்கும். ஒருநாள் அந்தக் காரையில் ஒரு துணுக்கு பெயர்ந்தால், ரத்தத்தோடு மேலே போய்க் கண்ணின் மெல்லிய குழாயில் சிக்கும். ரத்தம் இல்லாத விழித்திரை மினுங்காது. விளக்கை அணைத்தது போல இருண்டுவிடும். துணுக்கு உடைந்து நகர்ந்தால் ரத்தம் திரும்ப ஓடும், பார்வையும் வந்துவிடும். ஆகவே இது திடீரென்று வரும், சில நொடியில் முழுசாக இறங்கிவிடும். பெரும்பாலும் இரண்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் விலகும், வலிக்காது.

"தானா சரியாயிடுச்சே" என்று நிம்மதிப்படுகிற இடம் இதுதான். எனக்கோ அதைக் கேட்டால்தான் பதற்றம். கண்ணுக்குப் போன துணுக்கு எந்தக் குழாயில் ஏறி வந்ததோ அதே குழாய்தான் மூளைக்கும் போகிறது. அடுத்த துணுக்கு எந்தக் கிளையில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூளைக்குப் போனால் கை கால் விழும், பேச்சு போகும். இப்படிக் கண் இருண்டு மீண்டவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். அதனால் மருத்துவர்கள் இதைக் கண்ணில் வந்த குட்டிப் பக்கவாதம் என்றே கணக்கில் வைக்கிறார்கள்.

சரி, இருட்டு வரும்போது வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்? ஒரே ஒரு காரியம். ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மற்ற கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் அதே மறைப்பு, அதே பக்கத்தில் தெரிந்தால் கோளாறு கண்ணில் இல்லை, பின்மண்டையில். ஒரு கண்ணை மூடினால் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, மற்றதை மூடினால் இருட்டு என்றால், கோளாறு அந்த ஒரு கண்ணிலோ அதற்குப் போகும் குழாயிலோ இருக்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கதை. நர்சிங் படிக்கும் 23 வயதுப் பெண் ஒருத்தி, "இடது கண்ணுல வளையல் துண்டு மாதிரி மின்னுது டாக்டர், அரை மணி நேரம் இருக்கும், அப்புறம் தலை வெடிக்கும்" என்று வந்தாள். ஒரு கண் என்று அவள் அடித்துச் சொன்னாள். "அந்த நேரத்துல எதையாவது படிச்சியாம்மா?" என்று கேட்டேன். "படிச்சேன், ஆனா ஒவ்வொரு வார்த்தையிலயும் முதல் பாதி காணோம்" என்றாள். அங்கேயே விஷயம் உடைந்தது. இடது கண் மட்டும் கெட்டிருந்தால் வலது கண் முழு வார்த்தையையும் படித்திருக்கும். அவளுக்கு இரண்டு கண்ணிலும் இடப்பக்கம் மறைந்திருந்தது. இடப்பக்கம் மறைந்தால் எல்லோரும் இடது கண் என்றுதான் சொல்வார்கள். அது பொய் இல்லை, அப்படித்தான் தோன்றும். அடுத்த தடவை மூடிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, ஒரு நோட்டுத் தாளில் இரண்டு வட்டம் போட்டு, இரண்டிலும் இடப்பக்கம் அதே கோணல் மின்னலை வரைந்து கொண்டுவந்தாள். கண் மருத்துவத்தில் நான் பார்த்த நல்ல பரிசோதனை முடிவுகளில் அந்தத் தாளும் ஒன்று. அவளுக்கு மூளையில் கிளம்பும் சாதாரண மைக்ரேன். ஒரு எச்சரிக்கை மட்டும் சொன்னேன்: இப்படி மின்னல் வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. ரத்தம் உறையும் ஆபத்து அதில் கூடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல்முறையாக, அதுவும் நடுத்தர வயதுக்குமேல், இரண்டு கண்ணிலும் ஒரு பக்கம் சட்டென்று மறைந்தால், அதையும் மைக்ரேன் என்று ஒதுக்காதீர்கள். மினுங்காமல் வெறும் மறைப்பாக வந்தால் அது பின்மண்டையிலேயே வந்த பக்கவாதமாக இருக்கலாம். மூடிப் பார்ப்பது கோளாறு எங்கே என்று சொல்லும். என்ன கோளாறு என்று சொல்லாது.

இனி அந்த இரண்டாவது ரகம், ஒரு கண்ணில் மட்டும் வரும் நிஜமான மைக்ரேன். இருக்கிறது. பெரும்பாலும் 40-க்குக் கீழே, ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, பெண்களுக்குக் கூடுதலாக. தலைவலி நோய்களை வகைப்படுத்தும் சர்வதேச விதிகள் இதற்குப் பெரிய வேலியே போட்டிருக்கின்றன. அந்த நேரத்தில் பரிசோதித்தோ, நோயாளி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து வரைந்த படத்தாலோ ஒரு கண்தான் என்பது உறுதியாக வேண்டும். ஐந்து நிமிடமாவது மெல்லப் பரவுவது, ஐந்திலிருந்து அறுபது நிமிடம் நீடிப்பது, கூடவோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ தலைவலி வருவது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வேறு எந்தக் காரணமும் இல்லை என்று சோதித்து முடித்திருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி. இது தேடிக் கண்டுபிடிக்கும் நோய் இல்லை. மற்ற எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சமாக நிற்கும் பெயர். போனில் தேடிய ஐந்தாவது நிமிடத்தில் அந்தப் பெயரை யாரும் தங்களுக்குச் சூட்டிக்கொள்ள முடியாது.

மாத்திரை விஷயத்திலும் உஷார். மைக்ரேனுக்குக் கொடுக்கும் டிரிப்டான், எர்காட் வகை மாத்திரைகள் ரத்தக் குழாயைச் சுருக்குபவை. மூளை மைக்ரேன் உள்ள இளவயதுக்காரருக்கு அவை சரி. ஒரு கண் மைக்ரேன் நிஜமாகவே இருந்தாலும் அவற்றைத் தவிர்ப்பார்கள். கழுத்துத் தமனி ஏற்கெனவே அடைபட்ட 61 வயதுக்காரர் மகளின் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்லவேளை, நம் கணக்குப்பிள்ளை போட்டது சாதாரண பாராசிட்டமால்.

அவருடைய பரிசோதனைக்கு வருகிறேன். பார்வை இரண்டு கண்ணிலும் 6/6. கண்பாவை இரண்டும் வெளிச்சத்துக்கு ஒழுங்காகச் சுருங்கின. இதோடு நிறுத்தியிருந்தால் "எல்லாம் நார்மல்" என்று எழுதிக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பியிருக்கலாம். பயிற்சிக் காலத்தில் நானே ஒருவரை அப்படி அனுப்பியிருக்கிறேன், அதை இன்னும் மறக்கவில்லை. இவருக்குச் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிந்ததும் விழித்திரையைப் பார்த்தேன். வலது கண்ணில் ஒரு சின்னத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையில், மஞ்சளாக ஒரு பொடி மினுக்கியது. கொழுப்புத் துணுக்கு. மேயோ கிளினிக்கின் கண் மருத்துவர் ஹாலன்ஹார்ஸ்ட் 1961-ல் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே சொல்கிறோம். கழுத்திலிருந்து வந்த ஆள் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் இப்படிக் கிடைக்காது. துணுக்கு கரைந்து போயிருந்தால் விழித்திரை சுத்தமாக இருக்கும். அப்போதும் கதையை நம்பித்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

"கை கால்ல ஏதாவது?" என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன செவ்வாய்க்கிழமை டீ கிளாஸ் கை நழுவிச்சு, சூடா இருந்துச்சுன்னு நெனச்சேன்" என்றார். எந்தக் கை? இடது கை. வலது பக்கத் தமனி வலது கண்ணுக்கும் வலது மூளைக்கும் போகிறது. வலது மூளை ஆட்டுவது இடது கையை. கண்ணும் கையும் எதிரெதிர் பக்கம் என்பதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

பிரஷர் 168/94. அன்று மாலையே பக்கவாதப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினேன். சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி., இதயத்துக்கு எக்கோ, கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன், மூளைக்கு எம்.ஆர்.ஐ. வரிசையாக நடந்தன. துணுக்கு இதயத்திலிருந்தும் வரலாம், அதனால்தான் எக்கோவும் ஈ.சி.ஜி.யும். டாப்ளரில் வலது கழுத்துத் தமனி 80 சதவிகிதம் குறுகியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் வலது மூளையில் இரண்டு புதிய சின்னப் புள்ளிகள். அவருக்கே தெரியாமல் வந்துபோனவை. ரத்தம் உறையாமல் இருக்கவும் கொழுப்பைக் குறைக்கவும் மாத்திரை தொடங்கினார்கள். இப்படி அறிகுறி காட்டிய தமனி 70 சதவிகிதத்துக்கு மேல் அடைபட்டிருந்தால், அதைத் திறந்து காரையை உரித்தெடுப்பது பக்கவாதத்தைத் தடுக்கும் என்பது 1991-லேயே பெரிய ஆய்வுகளில் நிரூபணமான விஷயம். அதையும் இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம். அவருக்கு ஒன்பதாவது நாள் அறுவை நடந்தது.

எழுபதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாக ஒரு தலைவலி, சீப்பு பட்டால் தலைத்தோல் வலி, சப்பாத்தி மெல்லும்போது தாடை அசந்துபோவது, இதற்கிடையில் ஒரு கண் மங்கி மீள்வது. தலைவலி இருப்பதால் மைக்ரேன் என்றே நினைக்கத் தோன்றும். இது நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியாக இருக்கலாம். 50 வயதுக்குக் கீழே இது வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நம் ஊரில் குறைவுதான், அதனாலேயே தவறவிடுகிறோம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் துப்புக் கொடுக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் மற்ற முடிவுகளுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் ஒரு கண் போன சில நாட்களில் மற்ற கண்ணும் போகலாம்.

இளவயதுக்காரருக்கு வலியோடு வந்தால் மைக்ரேன்தான் என்றும் இருந்துவிடாதீர்கள். கழுத்தில் அடிபட்டோ, முரட்டுத்தனமாகக் கழுத்தைச் சொடுக்கெடுத்தோ தமனியின் உள்சுவர் கிழிந்தால், கழுத்து வலி, தலைவலி, கண் இருட்டு மூன்றும் சேர்ந்து வரும். அந்தப் பக்கத்து இமை லேசாகத் தொங்கி, கண்பாவை சிறுத்திருந்தால் அதுதான். சலூனில் கழுத்தை மளுக்கென்று திருப்பும் அந்தச் சுகத்தை நான் விட்டு வருடங்கள் ஆகின்றன.

இருட்டு திரும்பாமல் அப்படியே நின்றுவிட்டால் கதையே வேறு. விழித்திரைக்குப் போகும் தமனியை அடைத்துக் குரங்குகளில் செய்த பரிசோதனைகளில், ஒன்றரை மணி நேரம் வரை தாங்கிய விழித்திரை, நான்கு மணி நேரத்தில் மீளாத அளவுக்குச் செத்துப்போனது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சில மையங்களில் பொருத்தமானவர்களுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அதுவும் நாலரை மணி நேரத்துக்குள் வந்தால்தான். எல்லோருக்கும் பலிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் நம் வீடுகளில் அந்த நாலரை மணி நேரம் எப்படிப் போகிறது? உடம்புச் சூடு என்று உச்சந்தலையில் விளக்கெண்ணெய். கண்ணில் தாய்ப்பால். காலையில் பார்க்கலாம் என்று ஒரு தூக்கம். விடிந்ததும் கண்ணாடிக் கடை. ஐந்தாவதாகத்தான் நாங்கள்.

ஒரு கண் இருண்டுவிட்டால் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, வண்டியை நீங்களே ஓட்டாமல், 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். "ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போய்விட்டது, ஸ்ட்ரோக்கா என்று பாருங்கள்" என்று வாசலிலேயே சொல்லுங்கள். "கண் மங்கல்" என்று சொன்னால் டோக்கன் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். இருட்டு விலகிவிட்டிருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். உறவினர் சொன்னார் என்று ஆஸ்பிரினை நீங்களாகப் போடவும் வேண்டாம். மூளையில் ரத்தக் கசிவு இருந்தால் அது வினையாகிவிடும்.

குனிந்து நிமிரும்போது சில நொடி மட்டும் இருள்வது, பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து கண் வலிப்பது, கரும்பொட்டுகள் பறந்து பின் திரை விழுந்து விலகாமலே நிற்பது ஆகியவை வேறு வேறு நோய்கள். ஒன்றுகூட மைக்ரேன் இல்லை. அவற்றுக்கும் உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறுவை முடிந்து ஆறு வாரம் கழித்துக் கணக்குப்பிள்ளை வந்தார். கழுத்தில் நீளமாக ஒரு தழும்பு. மகளும் கூட வந்திருந்தாள். பீடியை விட்டுவிட்டாராம். ஷட்டர் அதன்பின் இறங்கவில்லை. பையிலிருந்து அந்தப் பழைய கண்ணாடியை எடுத்து மறுபடியும் மேஜையில் வைத்தார்.

"எல்லாம் சரி டாக்டர். நான் வந்த வேலை இன்னும் ஆகலையே."

சோதித்துப் பார்த்தேன். கிட்டப்பார்வைக்கு கால் பவர் கூடியிருந்தது. எழுதிக் கொடுத்தேன்.